சரியாக 25 மி.மீ. இருந்தால் தவறு

மின்மோட்டார் ஷாஃப்ட்டின் வரைபடத்தில், பேரிங் உட்காரும் இடத்துக்கு விட்டம் 25 என்று போட்டிருக்கும். அந்த 25-ஐ ஒட்டி, சற்றே சிறிய எழுத்தில், மேலே +0.015 என்றும் கீழே +0.002 என்றும் இரண்டு எண்கள் இருக்கும். முடிந்து வரும் ஷாஃப்ட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்ற இரண்டு எல்லைகளையும் இந்த எண்களே சொல்கின்றன. இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் கிடைக்கும் இடம்தான் டாலரன்ஸ். எந்த இயந்திரமும் ஒன்றைப் போலவே இன்னொன்றை மயிரிழை பிசகாமல் செய்து தந்துவிடாது. அதனால்தான் டிசைனர் ஒற்றை எண்ணைக் கேட்பதில்லை. இந்த எல்லைக்கும் அந்த எல்லைக்கும் நடுவில் எங்கு வந்தாலும் சரி என்கிறார்.

ஐ.டி.ஐ. முடித்துப் பட்டறைக்கு வரும் அப்ரண்டிஸ்களை, ஷிப்ட் தொடங்கும் முன் இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்கவைத்துப் பத்து நிமிடம் பேசுவதை ‘டூல்பாக்ஸ் டாக்’ என்பார்கள். கையுறை, கண்ணாடி, சக் சாவி என்று பெரும்பாலும் பாதுகாப்பைப் பற்றித்தான் அதில் பேச்சு இருக்கும். டாலரன்ஸ் படிப்பதைச் சொல்லிக்கொடுக்கவும் அந்தப் பத்து நிமிடம் நல்ல நேரம். அதற்குக் கரும்பலகைகூட வேண்டாம். ஒரு வரைபடம், ஒரு ஷாஃப்ட், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு பென்சில் போதும்.

பேச்சை ஒரு கேள்வியில் தொடங்கலாம்: இந்த ஷாஃப்ட்டைச் சரியாக 25.000-க்கு அரைத்துக் கொடுத்தால் தேறுமா? புதிதாக வந்தவர்களில் பலர் தேறும் என்பார்கள். 25 கேட்டிருக்கிறார்கள், 25 கொடுத்தாயிற்று, மேலும் கீழும் உள்ள எண்கள் பிசகினால் மன்னித்துவிடும் அளவு என்பது அவர்கள் கணக்கு. பிளஸ், மைனஸ் இரண்டும் சேர்ந்து வரும் ±0.2 போன்ற டாலரன்ஸையே பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் படிக்கும். இங்கே இரண்டு எண்ணுக்கும் முன்னால் பிளஸ் இருக்கிறது. இரண்டையும் 25-உடன் கூட்டவேண்டும். மேல் எல்லை 25.015, கீழ் எல்லை 25.002. சரியாக 25.000 என்பது கீழ் எல்லைக்கும் 2 மைக்ரான் கீழே கிடக்கிறது. அந்த ஷாஃப்ட் தேறாது.

2 மைக்ரானுக்கு ஏன் இத்தனை கண்டிப்பு என்பது, ஷாஃப்ட் மேல் ஏறப்போகும் பேரிங்கைப் பார்த்தால் தெரியும். 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு மிகப் பரவலாகப் போடப்படும் பேரிங் 6205. சாதாரண ரகத்தில் அதன் உள்துளைக்கு மேல் எல்லை 25.000, கீழ் எல்லை 24.990. துளை எப்போதும் 25 அல்லது அதற்குக் கீழே. ஷாஃப்ட் எப்போதும் 25-க்கு மேலே. ஆகவே எந்தப் பேரிங்கை எடுத்து எந்த ஷாஃப்ட்டில் ஏற்றினாலும் துளையைவிட ஷாஃப்ட் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்: மிகக் குறைந்தால் 2 மைக்ரான், மிக அதிகமானால் 25 மைக்ரான். அந்த இறுக்கம்தான் பேரிங்கின் உள்வளையத்தை ஷாஃப்ட்டோடு சேர்த்துச் சுழலவைக்கிறது. 25.000 ஷாஃப்ட்டில் 25.000 துளை உள்ள பேரிங் ஏறினால் இறுக்கம் பூஜ்யம். மோட்டார் ஓடும்போது உள்வளையம் ஷாஃப்ட் மேல் மெல்ல மெல்ல நழுவும். பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் அது உட்கார்ந்த இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் துருப்போன்ற பொடி படிந்து, ஷாஃப்ட் மினுமினுவென்று தேய்ந்திருக்கும். ரீவைண்டிங் கடைகளில் அடிக்கடி கண்ணில் படும் தேய்மானம் இது.

ஆக, குறி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த எல்லை அடிப்படை அளவுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா. ‘பிளஸ் என்றால் தாராளம், மைனஸ் என்றால் கண்டிப்பு’ என்று பொருள் கிடையாது. இரண்டும் பிளஸாக வரலாம், இரண்டும் மைனஸாக வரலாம், ஒன்று வெறும் 0-ஆகவும் வரலாம். அதே 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு இன்னொரு வரைபடத்தில் மேலே 0, கீழே −0.013 என்று இருந்தால் மேல் எல்லை 25.000, கீழ் எல்லை 24.987. மெட்ரிக் வரைபடத்தில் அந்த 0-க்கு முன்னால் குறி இருக்காது. அதைப் பார்த்து ‘மேலே ஒன்றும் சொல்லவில்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 25.000-ஐ ஒரு மைக்ரான்கூடத் தாண்டக் கூடாது என்று அந்த 0 சொல்கிறது.

அப்ரண்டிஸ்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இரட்டை மைனஸ். சுழன்றும் நகர்ந்தும் ஓடவேண்டிய ஷாஃப்ட் ஒன்றுக்கு 25, மேலே −0.020, கீழே −0.041 என்று வரும். 41 பெரிய எண்ணாயிற்றே, அதுதானே மேல் எல்லை என்று தோன்றும். கழித்துப் பார்த்தால்தான் தெளியும். 25.000-இலிருந்து 0.020 போனால் 24.980, 0.041 போனால் 24.959. அதிகமாகக் கழித்ததே சிறிய அளவு. மனக்கணக்கில் இது 24.969 என்றும், அவசரத்தில் 24.059 என்றும் வந்துவிடுவது உண்டு. அதனால் இயந்திரத்தைத் தொடும் முன் 25 என்பதை 25.000 என்று மூன்று தசமத்துக்கு எழுதி, அதன் கீழே எண்களைப் புள்ளிக்கு நேர் புள்ளி வைத்துக் கழித்து, இரண்டு எல்லைகளையும் வேலைத்தாளில் முழுதாகக் குறித்துக்கொள்வது நல்லது. இதற்கு அரை நிமிடம் போகும். அனுபவமுள்ள கிரைண்டர்களும் இதைச் செய்வார்கள். செய்வதை வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஷாஃப்ட்டுக்குப் படித்த பிளஸ்ஸைத் துளைக்கும் அப்படியே படிக்கலாமா? எண்ணை வாசிப்பதில் மாற்றம் இல்லை. 25 மி.மீ. துளைக்கு மேலே +0.021, கீழே 0 என்றால் எல்லைகள் 25.021, 25.000. ஆனால் உலோகத்தின் பக்கம் நின்று பார்த்தால் கதை தலைகீழ். ஷாஃப்ட்டில் பிளஸ் என்றால் உலோகம் இன்னும் மீதி இருக்கிறது. துளையில் பிளஸ் என்றால் உலோகம் கூடுதலாகப் போயிருக்கிறது. மேல் எல்லையைத் தாண்டிய ஷாஃப்ட்டை மறுபடி அரைத்துக் காப்பாற்றலாம். மேல் எல்லையைத் தாண்டிய துளையில் சேர்க்க உலோகம் எங்கிருந்து வரும்? ஆகவே ஷாஃப்ட்டை மேல் எல்லையின் பக்கமிருந்தும், துளையைக் கீழ் எல்லையின் பக்கமிருந்தும் நெருங்கவேண்டும். வரைபடத்தில் எண்களுக்குப் பதில் k6, H7 என்று குறியீடு மட்டும் இருந்தால், சின்ன எழுத்து ஷாஃப்ட்டுக்கு, பெரிய எழுத்து துளைக்கு. இங்கே எடுத்துக்கொண்ட பேரிங் இருக்கை k6. இப்போது பார்த்த துளை H7. சுவரில் தொங்கும் அட்டவணையைப் பார்த்து இவற்றை எண்களாக மாற்றிக்கொண்ட பிறகு, படிக்கும் முறை ஒன்றுதான்.

குறி பக்கத்தைச் சொல்கிறது என்றால், அந்தப் பக்கத்தில் எவ்வளவு தூரம் என்பதைத் தசமப் புள்ளி சொல்கிறது. 0.015-க்கும் 0.15-க்கும் எழுத்தில் ஒரு பூஜ்யம்தான் வித்தியாசம். உலோகத்தில் பத்து மடங்கு. 0.15 என்று தவறாகப் படித்தவர் 25.1 வந்ததும் ‘உள்ளேதான் இருக்கிறது’ என்று இறக்கிவைத்துவிடுவார். அந்த ஷாஃப்ட் பேரிங்கின் துளையைவிட ஏறக்குறைய 100 மைக்ரான் பெரிது. 6205 பேரிங்கில் குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி, சாதாரண ரகத்தில், 5 முதல் 20 மைக்ரான் வரைதான். பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஏற்றிவிட்டாலும் உள்வளையம் விரிந்து அந்த இடைவெளியை முழுதாகத் தின்றுவிடும். பேரிங் கையால் சுற்றவே வராது.

தசமத்தைக் கண்ணால் படிப்பதைவிட வாயால் சொல்லும்போதுதான் பிழை அதிகம். இயந்திரங்கள் ஓடும் இரைச்சலில் ‘பாயின்ட் ஜீரோ ஒன் ஃபைவ்’ என்று சொன்னது ‘பாயின்ட் ஒன் ஃபைவ்’ என்று காதில் விழ அதிக நேரம் ஆகாது. மைக்ரானில் சொன்னால் இந்தக் குழப்பம் வராது. ஒரு மி.மீ. என்பது ஆயிரம் மைக்ரான். 0.015 என்றால் 15 மைக்ரான், 0.15 என்றால் 150 மைக்ரான். பதினைந்தும் நூற்றைம்பதும் எந்த இரைச்சலிலும் ஒன்றாகக் கேட்காது. மைக்ரானுக்கு மாற்றும்போதும் மூன்று தசமம் எழுதிக்கொள்வது அவசியம். 0.02-ஐ 2 மைக்ரான் என்று சொல்லிவிடுகிறவர் 0.020 என்று எழுதிப் பார்த்தால் அது 20 என்று தெரிந்துவிடும். 0.015 பெரிதா, 0.02 பெரிதா என்ற தயக்கத்துக்கும் அதே மருந்துதான்: 0.015, 0.020.

புள்ளிக்கு முன்னால் வரும் பூஜ்யமும் அலங்காரத்துக்கு இல்லை. வரைபடம் ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸாக வந்து, எண்ணெய்க் கையும் பட்டபிறகு முதலில் மறைவது புள்ளிதான். 0.02-இல் புள்ளி அழிந்தாலும் 002 என்று நிற்கும். ஏதோ குறைகிறது என்று கண் சொல்லிவிடும். ஜெர்மனியிலிருந்து வரும் வரைபடங்களில் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் காற்புள்ளி இருக்கும்: 25,015 என்றால் இருபத்தைந்தாயிரத்துப் பதினைந்து இல்லை, 25.015 மி.மீ.

எல்லா அளவுகளுக்கும் பக்கத்திலேயே டாலரன்ஸ் எழுதியிருக்காது. அதே ஷாஃப்ட்டில் பேரிங் ஏறாத இன்னொரு பகுதிக்கு வெறும் 25 என்று மட்டும் இருக்கலாம். டாலரன்ஸ் இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. வரைபடத்தின் கீழ்மூலையிலுள்ள தலைப்புக் கட்டத்தில் பொது டாலரன்ஸ் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் பெரும்பாலும் அது ஐ.எஸ். 2102, உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 2768-ஐ ஒட்டியது. அதன் நடுத்தர ரகத்தில் 6-க்கு மேல் 30 மி.மீ. வரையுள்ள அளவுகளுக்கு ±0.2 உண்டு. வெறும் 25 என்றால் 24.8-இலிருந்து 25.2 வரை எதுவும் சரி. பேரிங் இருக்கையின் 13 மைக்ரான் எங்கே, இந்த 400 மைக்ரான் எங்கே! ஒரே ஷாஃப்ட்டில் ஒரே 25, இரண்டு வேறு உலகம். இந்தப் பொது டாலரன்ஸில் அடிப்படை அளவை 25 என்று எழுதினாலும் 25.00 என்று எழுதினாலும் வித்தியாசம் இல்லை. அளவு எவ்வளவு பெரிது என்பதை வைத்தே டாலரன்ஸ் முடிவாகிறது.

அமெரிக்க அங்குல வரைபடங்களில் அப்படி இல்லை. அங்கே கடைசியில் வரும் பூஜ்யத்துக்கும் விலை உண்டு. தலைப்புக் கட்டத்தில், இரண்டு தசமம் இருந்தால் ±.01, மூன்று தசமம் இருந்தால் ±.005 என்பதுபோல் போட்டிருப்பார்கள். எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 1.00 என்று எழுதிய அளவும் 1.000 என்று எழுதிய அளவும் ஒன்றே என்று ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டுப் படியெடுத்தால், டாலரன்ஸ் இரண்டு மடங்காகிவிடும். அந்த வரைபடங்களில் புள்ளிக்கு முன்னால் பூஜ்யமும் இருக்காது. .005 என்பது அங்குலம், மி.மீ.யில் 0.127. அதை 0.005 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு 5 மைக்ரானுக்குள் நிறுத்த நாள் முழுதும் மல்லுக்கட்டினால், வேலை கெடாது, கூலிதான் வீணாகும். ஏற்றுமதி ஆர்டர் எடுக்கும் பட்டறையில் வரைபடம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது அளவைக்கூட இல்லை, அது மி.மீ.யா, அங்குலமா என்பதைத்தான்.

எல்லைகளைச் சரியாகப் படித்தபிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: கையில் உள்ள கருவிக்கு அந்தத் தசமம் தெரியுமா? பட்டறை வெர்னியரின் மீச்சிற்றளவு 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். பேரிங் இருக்கைக்குக் கிடைத்திருக்கும் மொத்த இடமே 13 மைக்ரான். வெர்னியரின் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் டாலரன்ஸ் முழுவதும் மறைந்துவிடும். டிஜிட்டல் வெர்னியர் 25.01 என்று காட்டினால் நம்பத் தோன்றும். ஆனால் திரையில் தெரியும் கடைசி இலக்கம் வேறு, கருவியின் நம்பகம் வேறு. சாதாரண மைக்ரோமீட்டர் 0.01 வரை படிக்கும். 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் அதற்கு ஒரே ஒரு கோடுதான் அகப்படும், 25.01. மீதியெல்லாம் ஊகம். இந்த வேலைக்கு 0.001 மி.மீ. வரை படிக்கும் மைக்ரோமீட்டர் வேண்டும். டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்காவது படிக்கும் கருவியை எடுக்கவேண்டும் என்ற பழைய பட்டறை விதி 13 மைக்ரானுக்கும் சரியாகப் பொருந்துகிறது.

இந்த இருக்கையை எடுத்து வேலையைக் கடைசிவரை பார்க்கலாம். லேத்தில் கடைந்து, அரைப்பதற்காக 0.3 மி.மீ. விட்டு, 25.300-இல் ஷாஃப்ட் கிரைண்டருக்கு வருகிறது. எல்லைகள் வேலைத்தாளில் எழுதியாயிற்று: 25.015, 25.002. நடு அளவு ஏறத்தாழ 25.008. விட்டத்தில் எடுக்கவேண்டியது 25.300 − 25.008 = 0.292. ஒரு பக்கத்துக்கு அதில் பாதி, 0.146. சில இயந்திரங்களின் டயலில் ஒரு கோடு விட்டத்தைக் குறிக்கும், சிலவற்றில் ஆரத்தை. ஆரம் காட்டும் டயலில் 0.292 ஊட்டினால் 0.584 போய்விடும்; ஷாஃப்ட் 24.716-க்கு இறங்கிவிடும். டயல் எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ள, கொஞ்சம் ஊட்டி அரைத்து, விட்டம் எவ்வளவு குறைந்தது என்று அளந்து பார்ப்பதே நிச்சயமான வழி. அதன்பிறகும் ஒரே மூச்சில் 25.008-க்குப் போகமாட்டார்கள். 25.03 வாக்கில் நிறுத்தி, அளந்து, மிச்சத்தைச் சிறிது சிறிதாக எடுப்பார்கள்.

அளக்கும்போது வெப்பம் குறுக்கே வரும். எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளும். இப்போதுதான் அரைத்து முடித்த ஷாஃப்ட் மைக்ரோமீட்டரைவிட 20 டிகிரி சூடாக இருந்தால், 25 மி.மீ. விட்டம் சுமார் 6 மைக்ரான் ஊதியிருக்கும். சூட்டோடு 25.006 என்று படித்துத் தேறிவிட்டது என்று இறக்கிய ஷாஃப்ட், ஆறியதும் 25.000-இல் வந்து நிற்கும். ±0.2 வேலையில் இந்த 6 மைக்ரானை யாரும் பொருட்படுத்தத் தேவையில்லை. 13 மைக்ரான் வேலையில் அது ஏறக்குறைய பாதி. எனவே ஷாஃப்ட்டும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை பொறுத்து, பிறகு அளந்த எண்தான் கணக்கு.

அந்த எண்ணை எல்லையோடு ஒப்பிடும்போது முழுமையாக்கல் கிடையாது. 25.016 வந்தால் ‘25.02-க்குள் இருக்கிறது, எல்லையும் கிட்டத்தட்ட 25.02தான்’ என்று பேச முடியாது. 25.015 என்ற எல்லைக்குப் பின்னால் எத்தனை பூஜ்யம் போட்டாலும் அது 25.015தான். 25.016 உள்ள ஷாஃப்ட் கிரைண்டருக்குத் திரும்பும், 25.001 உள்ள ஷாஃப்ட் கழிவுப் பெட்டிக்குப் போகும்.